'இன்னும் வரலை' என்பதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

'ஸ்டில் ஐ டிடின்ட் கெட் தி ரீஃபண்ட்.' வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துப் பேசும் நம்மவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் வாக்கியம் இது. 'இன்னும் எனக்குப் பணம் திரும்பி வரலை' என்பதை, சொல் வரிசை மாறாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் கிடைப்பது. சென்னையிலும் மதுரையிலும் எல்லோருக்கும் புரியும். ஆனால் எதிர்முனையில் லண்டன்காரரோ டொரன்டோக்காரரோ இருந்தால், அவர் காதில் இது 'ஆனாலும் எனக்குப் பணம் வரவில்லை' என்று விழக்கூடும். ஆனாலும் என்றால், அதற்கு முன்னால் ஏதோ சொல்லியிருக்க வேண்டுமே என்று அவர் ஒரு கணம் தடுமாறுவார்.

ஆங்கிலத்தில் ஸ்டில் என்ற சொல் வாக்கியத்தின் தலையில் நின்றால் அதற்கு 'ஆனாலும்' என்றே பெரும்பாலும் பொருள். யெட் என்ற சொல்லும் அப்படித்தான். 'யெட் ஐ ஆம் வெயிட்டிங்' என்று எழுதினால் 'ஆயினும் காத்திருக்கிறேன்' என்று ஆகிவிடுகிறது. எழுதியவர் நினைத்தது 'இன்னும் காத்திருக்கிறேன்' என்பதை. சொல் அதேதான். நிற்கும் இடம்தான் பொருளை மாற்றிவிட்டது.

ஆல்ரெடி, யெட், ஸ்டில், ஜஸ்ட் ஆகிய நான்கையும் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஏற்கெனவே, இதுவரை, இன்னும், இப்போதுதான் என்று பக்கத்தில் பொருள் எழுதி மனப்பாடமும் செய்திருக்கிறோம். அந்தப் பட்டியல் பாதி வேலையைத்தான் செய்கிறது. ஒரு காரியம் எப்போது நடக்கும் என்று பேசுகிறவர் எதிர்பார்த்தார் என்பதையும் இந்தச் சொற்கள் சேர்த்தே சொல்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சொல் எப்போது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஒரு பார்சலை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இரண்டு பெண்கள். ஒருவர் திருநெல்வேலி, இன்னொருவர் குவாஹாத்தி. இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலம். திருநெல்வேலிப் பெண் அலுவலகத்தில் இருக்கிறார். அவர் பெயருக்கு வீட்டுக்கு ஒரு பார்சல் 11 மணிக்கு வரும் என்று கூரியரிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் தோழியிடம் போனில் கேட்கிறார்.

மணி 10.15. 'ஹேஸ் இட் கம் யெட்?' வர வேண்டிய ஒன்று, வந்துவிட்டதா என்ற கேள்வி. தோழி சொல்கிறார்: 'இட் ஹேஸ்ன்ட் கம் யெட்.' இந்தப் பதிலில் குறை சொல்லும் தொனி ஏதுமில்லை. 11 மணிதானே கணக்கு, இன்னும் நேரம் இருக்கிறது. வரவில்லை, ஆனால் வரும் என்ற எதிர்பார்ப்பு யெட் என்ற அந்தச் சிறு சொல்லுக்குள் இருக்கிறது. 'இட் ஹேஸ்ன்ட் கம்' என்று மட்டும் சொன்னால் வரவில்லை என்ற தகவல்தான் கிடைக்கும்.

அதே பார்சல் 9.30க்கே வந்திருந்தால் தோழி 'இட் ஹேஸ் ஆல்ரெடி கம்' என்பார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. 11 மணிக்குச் சரியாக வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில் வைத்த கையோடு போன் மணி அடித்தால், 'இட் ஹேஸ் ஜஸ்ட் கம்.' இதில் முந்தியா பிந்தியா என்ற கணக்கு கிடையாது. நடந்த சூடு ஆறவில்லை என்பது மட்டுமே செய்தி.

இப்போது மணி பிற்பகல் 3. பார்சல் வரவில்லை. இந்த நேரத்தில் தோழி 'இட் ஸ்டில் ஹேஸ்ன்ட் கம்' என்பார். தமிழில் 10.15க்கும் 'இன்னும் வரலை'தான், 3 மணிக்கும் 'இன்னும் வரலை'தான். சலிப்பைக் குரலில் காட்டுவோம். அல்லது 'இன்னுமே வரலை', 'இன்னும்கூட வரலை' என்று ஒரு அழுத்தம் கொடுப்போம். ஆங்கிலம் அந்த வேறுபாட்டுக்கு வேறு சொல்லையே வைத்திருக்கிறது. 3 மணிக்கு யெட் சொன்னாலும் தவறில்லை, அது பொறுமையாகப் பேசுவது. ஆனால் 10.15க்கே ஸ்டில் சொன்னால், கூரியர்காரர் செய்யாத தாமதத்துக்கு அவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ மின்னஞ்சல் எழுதும்போது இது கவனிக்க வேண்டிய இடம். இன்று காலை கேட்ட அறிக்கையைப் பற்றி மதியமே 'யூ ஸ்டில் ஹேவ்ன்ட் சென்ட் இட்' என்று எழுதினால் படிப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். 'ஹேவ் யூ சென்ட் இட் யெட்?' என்றால் வெறும் விசாரிப்பு.

கடைசியில் பார்சல் 3.30க்கு வந்துசேர்ந்தது. இரவு வீட்டுக்கு வந்தவர் எப்போது வந்தது என்று கேட்கிறார். கேள்வி 'வென் டிட் இட் கம்?' என்றும் பதில் 'இட் கேம் அட் த்ரீ தர்ட்டி' என்றும் மாறிவிடுகின்றன. பகல் முழுக்க ஓடிய 'ஹேஸ் கம்' திடீரென்று காணாமல் போய் 'கேம்' வந்துவிட்டது. பிரசென்ட் பெர்ஃபெக்ட் போய் சிம்பிள் பாஸ்ட் வந்த இடம் இது. காரணம், கடிகார நேரம் பேச்சுக்குள் வந்துவிட்டது.

பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்பது ஹேவ் அல்லது ஹேஸ், அதோடு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். கோ, வென்ட், கான் என்று ஒப்பிப்போமே, அதில் மூன்றாவது. பெயரிலேயே பிரசென்ட் இருக்கிறது. நடந்தது முன்பு, ஆனால் அது இப்போதைய நிலையைப் பற்றிய செய்தி. 'இட் ஹேஸ் கம்' என்றால் பார்சல் இப்போது வீட்டில் இருக்கிறது என்பதே செய்தி. இந்த நான்கு சொற்களும் இந்தக் கணத்தில் நின்றுகொண்டு, ஆயிற்றா ஆகவில்லையா என்று பார்ப்பவை என்பதால்தான் பிரசென்ட் பெர்ஃபெக்டோடு அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன. நேற்று, போன வாரம், 3.30க்கு, 2019இல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறித்துச் சொன்னதும் பார்வை இந்தக் கணத்தை விட்டு அங்கே போய்விடுகிறது. அங்கே சிம்பிள் பாஸ்டுக்குத்தான் இடம்.

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று நம் ஊரில் நன்கு படித்தவர்களும் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. விதியைத் தெரியாமல் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தமிழ் அப்படிச் சொல்ல விடுகிறது. நம்மிடமும் கிட்டத்தட்ட அதே அமைப்பு உண்டு: வந்திருக்கிறார், போயிருக்கிறேன், பெய்திருக்கிறது. 'இரு' என்ற துணைவினையைச் சேர்த்து, நடந்ததை இன்றைய நிலையோடு கட்டுகிறோம். ஆனால் தமிழின் 'இரு' நேற்றையும் ஏற்றுக்கொள்ளும். காலையில் கதவைத் திறந்ததும் வாசல் ஈரமாக இருக்கக் கண்டு 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்பதையும் அந்த 'இருக்கு' சொல்லிவிடுகிறது. '2010ல டெல்லி போயிருக்கேன்' என்று அனுபவத்தைச் சொல்லும்போதும் ஆண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு 'ஹேவ் சீன்' பக்கத்தில் 'எஸ்டர்டே' வருவது கொஞ்சமும் உறுத்தாது.

இதில் தமிழர்கள் தனியாகவும் இல்லை. ஜெர்மன் மொழியில் ஹேவ் போன்ற துணைவினையோடு 'நேற்று' என்பதைச் சேர்த்துச் சொல்வது அன்றாட வழக்கம். ஆங்கிலம் மட்டும் ஏன் இதை மறுக்கிறது என்ற கேள்வியை வொல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1992இல் ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பிரசென்ட் பெர்ஃபெக்ட் புதிர் என்பது அதன் தலைப்பு. ஆக, மொழியியலாளர்களே உட்கார்ந்து யோசித்த இடத்தில்தான் நம் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர எளிய சோதனை ஒன்று உண்டு: வாக்கியத்தில் 'எப்போது?' என்ற கேள்விக்கு விடை இருந்தால், அந்த விடை முடிந்துபோன நேரமாக இருந்தால், ஹேவை எடுத்துவிட வேண்டும்.

இனி ஆல்ரெடிக்கு வருவோம். இதற்கு ஏற்கெனவே என்று மட்டும் பொருள் படித்ததில் நாம் ஒன்றை இழந்திருக்கிறோம். பேச்சுத் தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது, 'அதுக்குள்ள'. 'அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?' என்று வியந்து கேட்கிறோமே, அந்த வியப்பு ஆல்ரெடிக்குள் இருக்கிறது. மாலை 6.30க்கு நண்பர் வீட்டுக்குப் போகிறோம், இரவுச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். 'ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?' இதுதான் அதுக்குள்ள. வியப்பு கூடும்போது ஆல்ரெடி வாக்கியத்தின் கடைசிக்குப் போய்ச் சேரும். இரவு 9 மணிக்கு வந்த விருந்தாளியிடம் தட்டை எடுத்து வைக்கும் முன் 'சாப்பிட்டாச்சா?' என்று சாதாரணமாகக் கேட்டால் அது 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' நமது 'ஆச்சா' இரண்டு கேள்விக்கும் பொது. ஆங்கிலத்தில் எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கு சொற்களும் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள, வாக்கியத்தில் துணைவினை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆல்ரெடியும் ஜஸ்டும் ஹேவுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவே நுழைந்துகொள்ளும்: 'ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்டு', 'ஷி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்'. சிம்பிள் பாஸ்டில் துணைவினை இல்லாததால் வினைச்சொல்லுக்கு நேர் முன்னால் நிற்கும்: 'ஐ ஜஸ்ட் ஆஸ்க்டு.' ஆம், இஸ், வாஸ் போன்றவை வந்தால் அவற்றுக்குப் பின்னால்: 'ஹி வாஸ் ஆல்ரெடி அவேக்.' யெட்டின் வழக்கமான இடம் வாக்கியத்தின் கடைசி. அலுவலகக் கடிதங்களில் மட்டும் நாட்டுக்கு அடுத்து வந்து உட்காரும்: 'வி ஹேவ் நாட் யெட் ரிசீவ்டு தி பேமென்ட்.'

ஸ்டில்தான் இதில் தனி வழி போகிறது. நேர்மறை வாக்கியத்தில் மற்றவை போலத் துணைவினைக்குப் பின்னால் நிற்கும்: 'ஐ ஆம் ஸ்டில் வெயிட்டிங்.' இல்லை என்று வரும்போது துணைவினைக்கு முன்னால் ஏறிக்கொள்ளும்: 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் காட் இட்', 'ஹி ஸ்டில் டஸ்ன்ட் நோ'. 'ஐ ஹேவ்ன்ட் ஸ்டில் காட் இட்' என்பது ஆங்கிலக் காதுக்கு இடறும். எழுவாய்க்கும் ஹேவ்ன்டுக்கும் இடையில் உள்ள அந்த இடுக்குதான் ஸ்டிலின் இடம். முதல் பத்தியில் பார்த்தவர் 'ஸ்டில் ஐ' என்பதை 'ஐ ஸ்டில்' என்று திருப்பிப் போட்டு, 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் காட் தி ரீஃபண்ட்' என்று சொன்னாலே போதும், எதிர்முனையில் யாருக்கும் குழப்பம் வராது.

நாம் இவற்றை எப்போதும் தலையில் வைப்பதற்குக் காரணம் தமிழின் சொல்வரிசைதான். 'ஏற்கெனவே நான் சொல்லிட்டேன்', 'இன்னும் நான் கிளம்பலை', 'சும்மா நான் கேட்டேன்' என்று இந்தச் சொற்கள் எழுவாய்க்கு முன்னால் வர தமிழில் தடையே இல்லை. அதனால்தான் 'ஆல்ரெடி ஐ டோல்டு யூ', 'ஜஸ்ட் ஐ ஆஸ்க்டு' என்று வாய் போகிறது. ஆல்ரெடி முன்னால் வந்தால் பொருள் மாறாது, கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும், அவ்வளவே. ஸ்டிலும் யெட்டும் முன்னால் வந்தால் பொருளே மாறிவிடுகிறது என்பதால் திருத்திக்கொள்ள வேண்டிய முதல் இரண்டு அவைதான் என்பேன்.

இன்னும் என்ற நம் சொல் வேறொரு இடத்திலும் காலை வாருகிறது. 'இன்னும் ரெண்டு நாள் இருக்கு' என்பதில் உள்ள இன்னும், தொடர்ச்சியைச் சொல்வதில்லை, மீதியைச் சொல்கிறது. அதை 'ஸ்டில் டூ டேஸ் ஆர் தேர்' என்று ஆக்கினால் சரியாக வராது. 'தேர் ஆர் டூ டேஸ் லெஃப்ட்' என்பதே அங்கே பொருந்தும். கேள்வியிலும் ஒரு வேறுபாடு உண்டு. பேருந்து நிலையத்தை நோக்கி ஓடிக்கொண்டே, போய்விட்டிருக்குமோ என்ற பயத்தில் 'பஸ் இன்னும் நிக்குதா?' என்று கேட்டால் 'இஸ் தி பஸ் ஸ்டில் தேர்?' நிறுத்தத்தில் நின்றபடி, வந்துவிட்டதா என்று கேட்டால் 'இஸ் தி பஸ் ஹியர் யெட்?' ஸ்டில், இருந்தது இல்லாமல் போகுமோ என்று பார்க்கிறது. யெட், இல்லாதது வந்துவிட்டதா என்று பார்க்கிறது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு ஒரு அமெரிக்கத் திரைப்படம் பார்த்தால் சந்தேகம் வரும். 'டிட் யூ ஈட் யெட்?', 'ஐ ஆல்ரெடி சா தட் மூவி', 'ஐ ஜஸ்ட் காட் ஹோம்' என்று அவர்கள் ஹேவே இல்லாமல் சிம்பிள் பாஸ்டில் பேசுகிறார்கள். அது தவறில்லை. அமெரிக்கப் பேச்சில் ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் மூன்றும் இரண்டு காலத்தோடும் வரும். பிரிட்டிஷ் வழக்கில் பிரசென்ட் பெர்ஃபெக்ட்தான் இன்றும் பெரும்பான்மை, குறிப்பாக எழுத்தில். நம் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும், 1985இல் முதலில் வந்து உலகம் முழுக்கப் பரவிய ரேமண்ட் மர்ஃபியின் பயிற்சி நூலும் பிரிட்டிஷ் வழக்கை அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று சொன்னால், அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அப்பா அதைத் தவறு என்று அடிக்க வேண்டியதில்லை. அதே சமயம், 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்பது அமெரிக்காவிலும் முழுக்கச் சரி. தேர்வு எழுதுகிறவரும், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாதவரும் பிரசென்ட் பெர்ஃபெக்டையே வைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டிஷ் வழக்கிலும் ஆல்ரெடிக்குப் பக்கத்தில் சிம்பிள் பாஸ்ட் தயக்கமின்றி வரும் இடம் ஒன்று உண்டு. 'ஐ ஆல்ரெடி நியூ.' நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது என்று பொருள். இங்கே அளவுகோல் இந்தக் கணம் கிடையாது, நீ சொன்ன அந்தக் கணம். அதனால் ஹேவுக்கு வேலை இல்லை.

பிரிட்டிஷ்காரர்களின் பேச்சைக் கேட்டுக் கற்பவர்களுக்கு இன்னொரு சிரமம். அவர்கள் 'ஐ ஹேவ்' என்று முழுதாகச் சொல்வது அபூர்வம். 'ஐவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்பார்கள்; அந்த 'வ்' உதட்டில் பட்டும் படாமலும் போய்விடும். நம் காதில் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்றே விழும். சென்ட், பெய்டு, காட் போன்ற சொற்களுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பதால் காதால் பிரித்தறிய வேறு வழியும் இல்லை. ஈட்டன், சீன், டன், கான், ரிட்டன் என்று வடிவம் மாறும் சொற்களைக் கவனித்தால்தான் அங்கே ஹேவ் இருந்தது தெரியவரும். பேசும்போது இது நேர்மாறாகவும் சிக்க வைக்கும்: ஹேவைச் சொல்லிவிட்டு இரண்டாம் வடிவத்தைப் போட்டு 'ஹி ஹேஸ் ஆல்ரெடி வென்ட்' என்று சொல்லிவிடுவோம். அங்கே 'கான்' வேண்டும்.

ஜஸ்டுக்கு இரண்டு பொருள் இருப்பது தெரிந்ததுதான்: இப்போதுதான், வெறுமனே. 'ஐ ஜஸ்ட் ஆஸ்க்டு' என்று சொன்னால் 'சும்மாதான் கேட்டேன்' என்றும் கொள்ளலாம், 'இப்பதான் கேட்டேன்' என்றும் கொள்ளலாம். 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஆஸ்க்டு' என்றால் 'இப்பதான்' என்பது தெளிவாகிவிடும். இங்கே ஹேவ் வெறும் இலக்கண அலங்காரமாக இல்லாமல் உண்மையிலேயே ஒரு வேலையைச் செய்கிறது.

ஜஸ்ட் நவ் என்று இரண்டு சொல்லாக வரும்போது கணக்கு மாறுகிறது. நடந்துமுடிந்ததைச் சொல்லும்போது அது 'சற்று முன்' என்று ஒரு நேரத்தைக் குறித்துவிடுவதால், எஸ்டர்டே போலவே சிம்பிள் பாஸ்டைக் கேட்கும். இடமும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசி. 'ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்' என்றால் சரி. 'ஐ ஹேவ் சீன் ஹிம் ஜஸ்ட் நவ்' பொருந்தாது. ஊருக்கு ஊர் இதன் பொருளும் மாறும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஜஸ்ட் நவ் என்றால் சில மணி நேரத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 'ஐ வில் டு இட் ஜஸ்ட் நவ்' என்றால் கொஞ்ச நேரம் கழித்து, பிறகு செய்கிறேன் என்று அர்த்தம். டர்பனில் உறவினர் இருப்பவர்கள் இதைக் கேட்டு முழித்திருப்பார்கள். ஆல்ரெடியும் சிங்கப்பூரில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. அங்கே பேச்சு வழக்கில் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்றால் சாப்பிட்டாச்சு. ஹேவும் இல்லை, ஈட்டனும் இல்லை. ஆயிற்று என்ற வேலை முழுவதையும் ஆல்ரெடியே சுமக்கிறது. சீன மொழியிலும் மலாயிலும் ஆயிற்று என்று காட்டத் தனிச்சொல் உண்டு. அதன் தடத்தில் வந்த வழக்கு இது. நமது 'ஆச்சு'வும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்வதால் அங்குள்ள தமிழர் வாயிலும் இயல்பாகப் புரள்கிறது. நண்பர்களுக்குள் பேச அது போதும். அலுவலகக் கடிதத்தில் அங்கேயும் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்'தான்.

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் அனுப்பக்கூடிய மின்னஞ்சல் ஒன்றை எடுத்து இதையெல்லாம் பொருத்திப் பார்க்கலாம். தமிழில் யோசித்து எழுதினால் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'ஆல்ரெடி ஐ ஹேவ் சென்ட் மை சர்டிஃபிகேட்ஸ் ஆன் மண்டே. ஸ்டில் ஐ டிடின்ட் கெட் எனி ரிப்ளை. ஜஸ்ட் நவ் ஐ ஹேவ் கால்டு யுவர் ஆபீஸ், பட் நோபடி பிக்டு. யெட் ஐ ஆம் வெயிட்டிங்.'

முதல் வாக்கியத்தில் திங்கட்கிழமை இருக்கிறது. ஹேவ் போக வேண்டும்: 'ஐ சென்ட் மை சர்டிஃபிகேட்ஸ் ஆன் மண்டே.' முதன்முறையாகத் தகவல் சொல்கிறார் என்றால் ஆல்ரெடியும் தேவையில்லை. நிறுவனம் சான்றிதழ்களை மறுபடி கேட்டிருந்தால்தான் அதற்கு வேலை. அப்போது 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் தெம்' என்று ஒரு வாக்கியம், 'ஐ சென்ட் தெம் ஆன் மண்டே' என்று இன்னொரு வாக்கியம் என இரண்டாகப் பிரித்துவிட்டால் காலமும் சொல்லும் மோதாது. 'ஐ ஆல்ரெடி சென்ட் தெம் ஆன் மண்டே' என்பதும் நிற்கும். நாள் இருக்கும்போது ஆகாதது ஹேவ்தான், ஆல்ரெடி கிடையாது. ஆனால் இந்த வடிவத்தில் 'அனுப்பியாச்சே, மறுபடி ஏன் கேட்கிறீர்கள்?' என்ற தொனி கொஞ்சம் தட்டும்.

மூன்றாவது வாக்கியத்தில் ஜஸ்ட் நவ் கடைசிக்குப் போகிறது, ஹேவ் விலகுகிறது. 'நோபடி பிக்டு' என்பது நம் 'யாரும் எடுக்கலை'. ஆங்கிலத்தில் அது பாதியில் நின்றுவிடும் என்பதால் 'நோ ஒன் ஆன்சர்டு' என்று முடிக்கலாம்: 'ஐ கால்டு யுவர் ஆபீஸ் ஜஸ்ட் நவ், பட் நோ ஒன் ஆன்சர்டு.' நான்காவதில் ஆயினும் வேண்டாம், இன்னும் வேண்டும்: 'ஐ ஆம் ஸ்டில் வெயிட்டிங்.' இந்த வரியை வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் நான் எடுத்தே விடுவேன். இலக்கணப்படி சரியாக இருந்தாலும், காக்க வைத்துவிட்டீர்கள் என்று சொல்வதுபோல இருக்கிறது.

இரண்டாவது வாக்கியத்துக்கு இரண்டு திருத்தம் சாத்தியம். திங்கட்கிழமை அனுப்பிவிட்டு புதன்கிழமை கேட்கிறார் என்றால் 'ஐ ஹேவ் நாட் யெட் ரிசீவ்டு எ ரிப்ளை.' மூன்று வாரம் கழித்து, இரண்டு முறை நினைவூட்டிய பிறகு எழுதுகிறார் என்றால் 'ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்டு எ ரிப்ளை' என்று எழுத அவருக்கு எல்லா நியாயமும் உண்டு.